காது குத்தின இடத்தில் முண்டு: தழும்பா, கீலாய்டா?

காதில் இரண்டாவது ஓட்டை போட்டுக்கொண்ட சில மாதங்களில், ஓட்டைக்குப் பின்பக்கம் கடினமாக ஒரு முண்டு வளர்வது அபூர்வமான விஷயம் இல்லை. அதைப் பார்த்தவுடன் வீட்டில் ஒருவர் "சதை வளருது" என்பார், இன்னொருவர் "சீழ் கட்டியிருக்கு, ஊசியால குத்தி விடு" என்பார், கூகுளில் தேடினவர் "கீலாய்டு" என்பார். மூன்றும் வேறு வேறு விஷயம். மூன்றுக்கும் செய்ய வேண்டியதும் வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் முண்டு இரண்டு மடங்காகத் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

என் அக்கா மகளுக்கு இது வந்தபோது படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை, பி.இ. படித்து மென்பொருள் எழுதுகிறவன். ஆகவே இது மருந்துச்சீட்டு இல்லை. மருத்துவரிடம் போகும்போது அவர் சொல்வது புரிய வேண்டும் என்பதற்கான குறிப்பு.

புண் ஆறும்போது என்ன நடக்கிறது

தோலில் ஓட்டை விழுந்தால் உடம்பு மூன்று கட்டமாக அதைச் சரிசெய்கிறது. முதல் சில நாட்கள் அழற்சி: ரத்தம் உறையும், வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் குப்பையையும் அகற்றும். அடுத்த சில வாரங்கள் கட்டுமானம்: ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அங்கே குவிந்து கொலாஜன் என்ற புரத நார்களைச் சுரக்கும். இந்த முதல் நார்கள் அவசரத்துக்குப் போட்ட சாரம் மாதிரி, மெல்லியவை. மூன்றாவது கட்டம் மாதக்கணக்கில் நடக்கிறது. பழைய நார்கள் கரைக்கப்பட்டு, உறுதியான நார்கள் அந்த இடத்துக்கு வரும். போடுவதும் கரைப்பதும் ஒரே நேரத்தில் நடந்து, கடைசியில் இரண்டும் சமநிலைக்கு வரும். அப்போது தழும்பு தட்டையாகி வெளுத்துவிடும்.

இங்கே முக்கியமானது "நிறுத்து" என்ற சமிக்ஞை. புண் மூடிவிட்டது, இனி நார் வேண்டாம் என்று செல்களுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சமிக்ஞை தாமதமாக வந்தால் தழும்பு கொஞ்சம் தடித்து நிற்கும், ஆனால் பிறகு அடங்கும். வராமலே போனால், புண் ஆறின பிறகும் செல்கள் நாரைப் போட்டுக்கொண்டே இருக்கும். முதலாவது தடித்த தழும்பு. மருத்துவர்கள் ஹைப்பர்ட்ரோஃபிக் தழும்பு என்பார்கள். இரண்டாவதுதான் கீலாய்டு.

கீலாய்டு புற்றுநோய் இல்லை. உடம்பின் வேறு பகுதிக்குப் பரவுவதும் இல்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் நல்ல தோலுக்குள் ஊர்ந்து போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் இதற்குப் பெயர் வைத்தபோது, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். தழும்பின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் விரல்களைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது

மூன்று கேள்வி போதும் என்பது என் அனுபவம். எல்லை, காலம், போக்கு.

முதலில் எல்லை. தடித்த தழும்பு எவ்வளவு மேடாக இருந்தாலும் முதலில் காயம் பட்ட இடத்தைத் தாண்டாது. கீலாய்டு தாண்டும். வெட்டுக்காயத்தில் இதைப் பார்ப்பது சுலபம், கோடு எங்கே இருந்தது என்று தெரியும். காதில்தான் குழப்பம். ஏனென்றால் அசல் காயமே சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி மெல்லிய வளையம் போலத் தடித்திருந்தால் தழும்பாக இருக்கலாம். சுண்டைக்காய் அளவுக்கு உருண்டு நின்றால், அது ஓட்டையின் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது.

அடுத்து காலம். தடித்த தழும்பு சீக்கிரம் வரும், பெரும்பாலும் முதல் 1 அல்லது 2 மாதத்துக்குள். கீலாய்டு சாவகாசமாக வரும். புண் நன்றாக ஆறி, தோடு போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்த பிறகு, மூன்றாம் மாதத்திலோ ஒரு வருடம் கழித்தோ ஆரம்பிக்கும். சிலருக்கு அதற்கும் பிறகு.

மூன்றாவது போக்கு. தடித்த தழும்பு சில மாதம் வளர்ந்து, நின்று, அப்புறம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும். கீலாய்டு தானாக வற்றுவது மிக அரிது. வளரும், சில காலம் சும்மா இருக்கும், மறுபடி வளரும். அரிப்பும் சுருக் சுருக்கென்ற வலியும் அது வளரும் காலத்தின் அடையாளம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது: ஒரு தடவை பார்த்துச் சொல்வதைவிட, மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வைப்பது நல்லது. நான்கு படங்கள் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கீலாய்டு அல்லாத முண்டுகள்

குத்தின சில வாரத்திலேயே, சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசியும் முண்டு வந்தால் அது பெரும்பாலும் புண் சதை. கடையில் "பியர்சிங் பம்ப்" என்பது அநேகமாக இதைத்தான். தோடு உராய்வதும், தினமும் திருகி விடுவதும், கம்மலின் நிக்கல் ஒத்துக்கொள்ளாததும் இதற்குக் காரணமாகலாம். எரிச்சலை நிறுத்தினால் சில வாரத்தில் சுருங்கும். "என் கீலாய்டு உப்புத் தண்ணீர் ஒத்தடத்திலேயே போச்சு" என்று எழுதுகிறவர்களுக்கு இருந்தது அநேகமாக இதுதான்.

தோலுக்கு அடியில் உருளும் கோலி போல, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு இருந்தால் அது நீர்க்கட்டி வகை. அமுக்கினால் நாற்றமடிக்கும் வெள்ளைப் பொருள் வரும். கீலாய்டு உள்ளே காலியான பை இல்லை, முழுக்க நார். அதை அமுக்கினால் ஒன்றும் வராது. ஊசியால் குத்தினால் இன்னொரு காயம்தான் மிச்சம்.

காதின் மேல்பகுதியில், குருத்தெலும்பில் குத்தின ஓரிரு வாரத்தில் காது முழுக்கச் சிவந்து, வீங்கி, சூடாக, தொட முடியாமல் வலித்தால் அது தழும்பு விவகாரமே இல்லை. குருத்தெலும்பைச் சுற்றிய உறையில் தொற்று. சூடோமோனாஸ் என்ற கிருமி இதில் அடிக்கடி வரும். சாதாரணமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அது கட்டுப்படாது. இரண்டு நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய ஒரே முண்டு இதுதான்.

குழந்தையில் குத்தினால் வராதது இப்போது ஏன் வருகிறது

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்தது. நம் வீடுகளில் ஒரு வயதுக்குள்ளேயே மொட்டையடித்துக் காது குத்திவிடுகிறோம். அந்த ஓட்டையில் முண்டு வந்தவர்களை அதிகம் பார்ப்பதில்லை. அதே ஆளுக்குக் கல்லூரிக் காலத்தில் போடும் இரண்டாவது ஓட்டையில் வருகிறது.

கீலாய்டு பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் ஆரம்பிக்கும் விஷயம். 2005இல் பீடியாட்ரிக்ஸ் இதழில், காது குத்தி கீலாய்டு வந்தவர்களிடம் விசாரித்து ஒரு சிறிய ஆய்வு வெளியானது. மொத்தம் 32 பேர்தான். 11 வயதுக்கு முன் குத்திக்கொண்டவர்களில் 23.5 சதவீதம் பேருக்கும், 11 வயதிலோ அதற்குப் பிறகோ குத்திக்கொண்டவர்களில் 80 சதவீதம் பேருக்கும் அந்தக் குத்தலில் கீலாய்டு வந்திருந்தது. இந்த எண்களை எல்லோருக்கும் பொருத்தக்கூடாது, ஏனென்றால் ஆய்வில் இருந்த எல்லோருமே கீலாய்டு வரும் உடல்வாகு கொண்டவர்கள். ஆனால் ஒரே உடல்வாகுக்குள்ளேயே வயது இவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது நம் வீட்டுக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று பரம்பரை. கறுப்பு, பழுப்புத் தோலில் கீலாய்டு அதிகம். அதிலும் சில குடும்பங்களில் தலைமுறையாக வரும். ஆகவே "உங்கள் அப்பா அம்மாவுக்கு, கூடப்பிறந்தவர்களுக்கு எங்கேயாவது மேடான தழும்பு உண்டா?" என்பது காது குத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. பி.சி.ஜி. ஊசி போட்ட தோள்பட்டை, பரு வந்த நெஞ்சு, இந்த இரண்டு இடத்தையும் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

ஒரு காது, இரண்டரை வருடம்

அக்கா மகளுக்கு அப்போது 18 வயது. காது மடலில் இரண்டாவது ஓட்டை, ஒரு ஃபேன்சி கடையில் கன் வைத்துக் குத்தியது. மூன்றாவது வாரம் பின்பக்கம் லேசாகச் சீழ். மருந்து போட்டு ஆறியது. நான்காவது மாதம் பின்பக்கம் மிளகு அளவில் ஏதோ தட்டுப்பட்டது. தோட்டைக் கழற்றி வைத்தாள். ஆறாவது மாதம் பட்டாணி, பத்தாவது மாதம் சுண்டைக்காய். முன்பக்கம் பார்த்தால் சின்னப் புள்ளி மட்டும்தான். ராத்திரியில் அரிப்பு.

மேலே சொன்ன கேள்விகளை இதில் வைத்துப் பாருங்கள். தோடு இல்லை, தொற்று இல்லை, அதாவது எரிச்சலுக்கான காரணம் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வளர்கிறது. ஆரம்பித்தது நான்காவது மாதம். 1 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 12 மில்லிமீட்டர் உருண்டை. போதாததற்கு அவள் அப்பாவுக்கு நெஞ்சில் பரு வந்த இடத்தில் மேடான தழும்பு இருக்கிறது. தோல் மருத்துவர் தொட்டுப் பார்த்த ஒரு நிமிடத்தில் கீலாய்டு என்று சொன்னார். சதைப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை.

"அப்படியே வெட்டி எடுத்துடலாமே டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"எடுக்கலாம்மா, பத்து நிமிஷ வேலை. ஆனா வெட்டுறதும் ஒரு காயம்தானே? வெறுமனே வெட்டிவிட்டா இதைவிடப் பெருசா வரும்" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம். வேறு எதுவும் சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால் கீலாய்டு திரும்பி வரும் விகிதம் 45 முதல் 100 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 1 மில்லிமீட்டர் ஓட்டைக்கே நிறுத்தத் தெரியாத உடம்பு, 12 மில்லிமீட்டர் வெட்டுக்கு எப்படி நிறுத்தும்?

அதனால் முதலில் ஊசி. ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை முண்டுக்குள்ளேயே செலுத்துவது. அது ஃபைப்ரோபிளாஸ்டின் வேகத்தைக் குறைக்கும், நார் சுரப்பதைக் கட்டுப்படுத்தும், இருக்கிற நார் கரைவதற்கு வழிவிடும். 1 மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை பல அடர்த்தியில் போடுவார்கள். இவளுக்கு 40. ஒரு தடவைக்கு 0.2 மில்லி, அதாவது 8 மில்லிகிராம். 4 வார இடைவெளியில் 4 தடவை. மொத்தம் 32 மில்லிகிராம்.

முதல் ஊசி நிஜமாகவே வலிக்கும். முண்டு முழுக்க இறுகிய நார் என்பதால் மருந்து உள்ளே போக இடமில்லை. மருத்துவர் கட்டைவிரலால் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். மருந்து சரியான இடத்தில் இறங்கினால் முண்டு வெளுக்கும். சுலபமாக, எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் ஊசி முண்டைத் தாண்டி அடியில் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது முண்டு அப்படியே இருக்கும், சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து பள்ளமாகும். இரண்டாவது, மூன்றாவது ஊசி அவ்வளவு வலிப்பதில்லை, முண்டு மிருதுவாகிவிடுவதால்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அரிப்பு நின்றது. நான்காவது முடிந்தபோது உயரம் ஏறக்குறைய பாதி. சுற்றிலும் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. இது ஸ்டீராய்டின் தெரிந்த பக்கவிளைவு, பல மாதத்தில் பெரும்பாலும் நிறம் திரும்பும். ஒரு தடவை மாதவிடாய் பத்து நாள் தள்ளிப்போனது. இதுவும் இந்த மருந்தில் வரக்கூடியதே, முன்கூட்டியே தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு சில நாள் சர்க்கரை ஏறலாம், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாதியோடு வளர்ச்சி நின்றது, ஆனால் மீதி கரையவில்லை. அதனால் அடுத்து அறுவை. மடலை மட்டும் மரத்துப்போகச் செய்து, மேல்தோலை மூடிபோலத் திறந்து, உள்ளே இருக்கும் நார்க் கொட்டையை மட்டும் எடுத்துவிட்டு, அதே தோலை வைத்துத் தைத்தார்கள். இதனால் தையல் இழுபடாமல் தளர்வாக உட்காரும். காயத்தில் இழுப்பு இருந்தால் கீலாய்டு திரும்பும் வாய்ப்பு கூடும். நெஞ்சிலும் தோளிலும் வைத்தியம் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம் அங்கே தோல் எப்போதும் இழுபடுவது. காது மடல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் சதை. கீலாய்டு வந்தே தீரும் என்றால், வைத்தியத்துக்கு வசதியான இடம் அதுதான்.

தையல் பிரித்த அன்று காய ஓரத்தில் மறுபடி ஸ்டீராய்டு, அதன்பின் மாதம் ஒன்றாக மூன்று. கூடவே அழுத்தத் தோடு: இரண்டு தட்டுகள் மடலை முன்னும் பின்னும் லேசாக அழுத்திப் பிடிக்கும் கிளிப். ஒரு நாளில் 12 மணி நேரமாவது, குறைந்தது 6 மாதம். அழுத்தம் ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செல்களைப் பட்டினி போடுகிறது என்பது விளக்கம். மடல் வெளுத்துப்போய் வலித்தால் அழுத்தம் அதிகம், தோலே புண்ணாகிவிடும். ராத்திரி தூங்கும்போது கிளிப் கழன்று விழுவதும், பகலில் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுவதும்தான் பெரும்பாலும் இந்த வைத்தியம் தோற்கும் இடம்.

அறுவைக்குப் பின் 15 மாதம் ஆகிறது. தட்டையாக இருக்கிறது. "சரியாகிவிட்டது" என்று நான் எழுதவில்லை, காரணம் கீழே.

மற்ற வைத்தியங்களும் அந்தச் சதவீதங்களும்

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு என்பது அடுத்த படி. வெட்டின 1 அல்லது 2 நாளுக்குள், நார் போட வரும் செல்கள் பெருகுவதற்கு முன்னால், மேலோட்டமாகக் கதிர் கொடுப்பார்கள். ஜப்பானில் ரெய் ஒகாவாவின் குழு காது மடலுக்கு 10 கிரே அளவை 2 நாளில் 2 தவணையாகக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது. நெஞ்சுக்கு அவர்கள் இதைவிட அதிகம் கொடுத்தார்கள். அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் திரும்பி வருவது சுமார் ஐந்தில் ஒருவருக்கு, காதில் அதைவிடக் குறைவு. ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. இளவயதினருக்கு, பிற்காலப் புற்றுநோய் அபாயம் சிறிதென்றாலும் யோசித்தே கொடுப்பார்கள். அக்கா மகளுக்கு "மறுபடி வந்தால் பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது சின்ன முண்டுகளுக்கு உதவும். நம் நிறத்தோலில் வெள்ளைத் திட்டு நிரந்தரமாகத் தங்கலாம். ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைக் கலந்து ஊசி போடுவது உண்டு, கர்ப்பகாலத்தில் கூடாது. சிலிக்கான் பட்டை தினம் 12 மணி நேரத்துக்கு மேல், மாதக்கணக்கில் ஒட்ட வேண்டும். அது தடித்த தழும்புக்கும், அறுவைக்குப் பிறகு தடுப்பாகவும் பயன்படும். வளர்ந்து நிற்கும் உருண்டையைப் பட்டை கரைக்காது.

சதவீதங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எத்தனை மாதம் பின்தொடர்ந்தார்கள்? கீலாய்டு திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். 6 மாதத்தோடு கணக்கை மூடிய ஆய்வில் எந்த வைத்தியமும் அற்புதமாகத்தான் தெரியும். பிழை வருவதற்கு முன்னாலேயே சோதனையை நிறுத்திவிட்டு "பிழை இல்லை" என்று எழுதுவது மாதிரி. 2 வருடமாவது பார்த்த எண்ணைத்தான் நம்பலாம். தடித்த தழும்பையும் கீலாய்டையும் ஒரே பட்டியலில் சேர்த்த ஆய்வுகளும் நிறைய. தானாக வற்றக்கூடியது அதில் எத்தனை என்று தெரியாமல் அந்த வெற்றி விகிதத்துக்கு அர்த்தமில்லை.

வீட்டு வைத்தியத்துக்கும் இதே கணக்குதான். மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச்சாறு தடவிப் போனது என்றால், போனது எது என்று கேட்க வேண்டும். பூண்டும் எலுமிச்சையும் தோலைப் பொசுக்கும். பொசுக்கினால் அது புதுக் காயம். மருவுக்குச் செய்வதுபோல முடியோ நூலோ கட்டி இறுக்குவது, வெறுமனே வெட்டுவதற்குச் சமம். முண்டு உதிர்ந்து விழும், அடியில் ஆறாத புண் இருக்கும், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒரு காதில் கீலாய்டு வந்தவர் இன்னொரு இடத்தில் குத்திக்கொள்ள நினைத்தால், பேசாமல் கிளிப் தோடு வாங்கிக்கொள்வது மேல். அறுவை செய்த மடலில் "இப்ப ஆறிடுச்சே" என்று மறுபடி ஓட்டை போடுவதும் அதே கதைதான். குத்தின இடத்தில் முண்டு லேசாகத் தட்டுப்படும்போதே தோல் மருத்துவரிடம் போய்விட்டால், மிளகு அளவுக்கு ஊசியே போதுமாக இருக்கலாம். சுண்டைக்காய் ஆகும்வரை விட்டால், எங்கள் வீட்டில் போல, ஊசி, கத்தி, கிளிப் மூன்றும் தேவைப்படும்.